பணம் போகாத சம்பளம்

2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. சென்னையில் வளர்ந்த அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்களாகிவிட்டதாகவும், அவர்களில் 70 பேர் போல முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் என்றும் அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் அப்போது சொன்னார். நிறுவனத்தின் பங்கில் ஊழியர்களுக்கும் இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அன்று தமிழ்நாட்டில் பல வீடுகளில் பேச்சாக இருந்தது. 'ஈசாப்' என்ற சொல் ஐ.டி. வட்டாரத்தைத் தாண்டி வெளியே வந்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

அந்தப் பேச்சில் எழாத கேள்வி ஒன்று உண்டு. இப்படிக் கொடுத்ததற்கு நிறுவனத்தின் கணக்கில் எவ்வளவு செலவு எழுதினார்கள்? அந்தத் தொகை சரிதான் என்று யார், எதைப் பார்த்துச் சொன்னார்கள்?

ஈசாப்பில் ஊழியருக்கு உடனே பங்கு கிடைத்துவிடுவதில்லை. பின்னாளில் ஒரு குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமைதான் கிடைக்கிறது. அதை ஆப்ஷன் என்கிறார்கள். இன்று பங்கின் விலை 400 ரூபாய். உங்களுக்கு 400 ரூபாய்க்கே வாங்கும் உரிமை தருகிறார்கள். இரண்டு வருடம் வேலையில் நீடித்தால் அந்த உரிமை உறுதியாகும். இப்படி உறுதியாவதற்கு 'வெஸ்டிங்' என்று பெயர். அதன்பின் விலை 900 ஆனால் 400 கொடுத்து வாங்கலாம். விலை 300-க்கு இறங்கிவிட்டால் பேசாமல் இருந்துவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. அதனால் கொடுக்கும் நாளில் சந்தை விலையும் ஆப்ஷன் விலையும் ஒன்றாகவே இருந்தாலும் அந்த உரிமைக்கு ஒரு மதிப்பு உண்டு. நிறுவனத்தின் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போவதில்லை என்பது உண்மை. ஆனால் நாளை 900 ரூபாய்ப் பங்கை 400-க்குக் கொடுக்கும்போது, அந்த 500 ரூபாய் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களின் பையிலிருந்து போகிறது. வேலைக்கு ஈடாகக் கொடுத்ததால் அதுவும் சம்பளம்தான்.

இதைச் செலவாக எழுத வேண்டுமா என்று அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பெரிய சண்டை நடந்தது. முடிவில் 2004-இல் பிப்ரவரியில் சர்வதேச விதியும் டிசம்பரில் அமெரிக்க விதியும் வந்தன. இரண்டும் எழுதத்தான் வேண்டும் என்றன. இந்தியாவில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இப்போது இண்ட் ஏஎஸ் 102 என்ற கணக்கியல் விதி பொருந்தும். அதன்படி, ஆப்ஷனை வழங்கிய நாளில் அதன் நியாய மதிப்பு என்ன என்று கணக்கிட்டு, ஊழியர் உழைத்து அதைச் சம்பாதிக்கும் காலம் முழுவதும் அதைச் செலவாகப் பிரித்து எழுத வேண்டும்.

அந்த நியாய மதிப்பை எங்கே பார்ப்பது என்பதில்தான் சிக்கல். ஊழியர் தன் ஆப்ஷனை யாருக்கும் விற்க முடியாது. அதனால் அதற்குச் சந்தை இல்லை, சந்தை விலையும் இல்லை. ஒரு சூத்திரத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். பெரும்பாலோர் பயன்படுத்துவது ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட சூத்திரம். அதில் ஆறு எண்களை இடவேண்டும்: பங்கின் இன்றைய விலை, ஆப்ஷன் விலை, ஊழியர் எத்தனை ஆண்டுகள் ஆப்ஷனைக் கையில் வைத்திருப்பார் என்ற எதிர்பார்ப்பு, பங்கு விலையின் ஏற்ற இறக்கம், அரசுப் பத்திர வட்டி, டிவிடெண்ட். சூத்திரத்தை யாரும் தவறாகப் போடுவது அரிது. எக்செல் ஏட்டில் ஐந்து நிமிட வேலை. தணிக்கையாளரின் வேலை அந்த ஆறு எண்களில்தான் இருக்கிறது. அந்த எண்களைத் தேர்ந்தெடுப்பவர்களும், செலவு குறைந்தால் நல்ல லாபம் காட்டப்போகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதை ஒரு கணமும் மறக்கக்கூடாது.

ஒரு நிறுவனத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள, பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு மென்பொருள் நிறுவனம். ஆண்டுக்கு 30 கோடி ரூபாய் வரிக்கு முந்தைய லாபம். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் மேல்நிலை ஊழியர்களுக்கு 5 லட்சம் ஆப்ஷன்கள் வழங்குகிறது. அன்று பங்கு விலை 400 ரூபாய், ஆப்ஷன் விலையும் 400. இரண்டு வருடத்தில் வெஸ்டிங். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நிறுவனம் டிவிடெண்ட் கொடுப்பதில்லை. ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு கணக்கு தணிக்கைக்கு வருகிறது. ஓர் ஆப்ஷனின் மதிப்பு 106 ரூபாய் என்கிறது அறிக்கை.

தணிக்கையாளர் முதலில் பார்ப்பது தேதியை. எல்லா எண்களும் 'வழங்கிய நாள்' என்ற ஒன்றில்தான் தொங்குகின்றன. செபியின் விதிப்படி வழங்கிய நாள் என்பது நிறுவனத்தின் இழப்பீட்டுக் குழு ஒப்புதல் அளித்த நாள். கணக்கியல் விதி கேட்பது வேறு: நிறுவனமும் ஊழியரும் நிபந்தனைகளைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொண்ட நாள், தேவையான ஒப்புதல்கள் எல்லாம் கிடைத்த பிறகு. கணக்குக்கு எந்த நாள் என்பதைக் கணக்கியல் விதியே தீர்மானிக்கும் என்று செபியும் சொல்லிவிட்டது. எனவே குழுவின் தீர்மானப் புத்தகம், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், ஊழியர்களுக்குப் போன கடிதம், அது போன மின்னஞ்சலின் நாள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நம் நிறுவனத்தில் குழு கூடிய மறுநாளே கடிதம் போயிருக்கிறது, விலையில் மாற்றமில்லை. ஒருவேளை கடிதம் ஒன்றரை மாதம் கழித்துப் போய், அதற்குள் பங்கு 460-க்கு ஏறியிருந்தால்? மற்ற எண்களை நியாயமாக வைத்துக் கணக்கிட்டால் 164 ரூபாய் பெற வேண்டிய ஓர் ஆப்ஷன் அப்போது 212 ரூபாய் ஆகிவிடும். ஒரு மின்னஞ்சல் தாமதத்தின் விலை அது.

தேதியைப் பற்றி இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் லீ 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நிர்வாகிகளுக்கு ஆப்ஷன் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் நாட்களுக்கு முன்பு பங்கு விலை இறங்குவதும், அதன்பின் ஏறுவதும் தற்செயல் என்று நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருந்தன. விலை குறைவாக இருந்த ஒரு பழைய நாளைப் பின்னர் தேடியெடுத்துக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதே அதற்கு விளக்கம். அடுத்த ஆண்டு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பெயர்களோடு எழுதியது. யுனைடெட்ஹெல்த் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் மெக்குவையர் பதவி விலகினார். பின்னர் ஒரு சமரசத்தில் அவர் 46 கோடி டாலருக்கும் மேலான மதிப்பைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. எனவே தீர்மானப் புத்தகத்தின் பக்க எண்கள் தொடர்ச்சியாக உள்ளனவா, அந்தக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வந்ததற்கு வேறு சான்று உண்டா என்றெல்லாம் பார்ப்பது சந்தேகப் புத்தி அல்ல.

நாள் சரி, விலையும் சரி. அடுத்து ஏற்ற இறக்கம். பங்கு விலை ஒரு வருடத்தில் எவ்வளவு ஆடும் என்பதன் அளவு இது. அதிகம் ஆடும் பங்கின் மீதுள்ள ஆப்ஷனுக்கு மதிப்பு அதிகம். ஏறினால் லாபம் ஊழியருக்கு, இறங்கினால் நஷ்டம் அவருக்கில்லை என்பதால். அறிக்கையில் 30 சதவீதம் என்று இருக்கிறது. எப்படி வந்தது? தணிக்கையாளர் தானே போட்டுப் பார்க்கிறார். பங்குச் சந்தையின் இணையதளத்திலிருந்து தினசரி முடிவு விலையை இறக்கி, ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று ஒரு நெடுவரிசையில் எழுதுகிறார். அந்த மாற்றங்களின் திட்ட விலக்கத்தை, ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள் என்பதால், 250-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஆண்டு அளவு கிடைக்கும். நான்கு ஆண்டுத் தரவு என்றால் எக்செல்லில் இவ்வளவுதான்:

```
=STDEV.S(C2:C990)*SQRT(250)
```

விடை 40 சதவீதம் என்று வருகிறது. நிறுவனத்தின் நிதி மேலாளரிடம் கேட்கிறார்.

"முப்பது எப்படி சார் வந்துச்சு?"

"கடைசி ஒரு வருஷ டேட்டா எடுத்தோம் சார். அதுக்கு முன்னாடி கோவிட் பீரியட். அது நார்மல் இல்லையே."

"ஆப்ஷனை எத்தனை வருஷம் கையில வெச்சிருப்பாங்கன்னு போட்டிருக்கீங்க?"

"ரெண்டரை வருஷம்."

"அப்ப ரெண்டரை வருஷ டேட்டாவாவது வேணுமே சார்?"

நிதி மேலாளர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி சுமார் 13 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட நாள் தினமும் வராது. நிறுவனத்துக்கே உரிய அசாதாரண நிகழ்வு, உதாரணமாக அதைக் கையகப்படுத்த யாரோ முயன்று தோற்றது, விலையைக் கலைத்திருந்தால் அந்தக் காலத்தை விட்டுவிட விதியும் இடம் கொடுக்கிறது. ஆனால் மொத்தச் சந்தையும் சரிந்தது அந்த வகை அல்ல என்பது என் கருத்து. சந்தை என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரியத்தான் செய்யும். ஆப்ஷனை நான்கைந்து ஆண்டுகள் வைத்திருப்பவர் அந்தச் சரிவின் ஊடாகவும்தான் போவார். சரி, 2020 மார்ச்சை மட்டும் நீக்கிப் பார்ப்போம் என்று தணிக்கையாளர் மறுபடி போடுகிறார். 37 சதவீதம் வருகிறது. முப்பதை எட்ட வேண்டுமென்றால் அமைதியான அந்த ஒரு வருடத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். இதைக் கவனித்த பிறகு "கோவிட்" என்ற விளக்கம் நிற்பதில்லை.

இந்த எண்ணில் எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது, சொல்லியாக வேண்டும். நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தால் மறுநாள் விலை பாதியாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு பங்கு இரண்டு பங்காகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இறக்கிய தரவில் பழைய விலைகளைப் பாதியாக்கிச் சரிசெய்யாமல் விட்டால், சூத்திரம் அதை ஒரே நாளில் ஐம்பது சதவீத வீழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். தினம் 2 சதவீதம் ஆடும் ஒரு பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 32 சதவீதத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரு வருடத் தரவில் அந்த ஒற்றை நாள் நுழைந்தால் 59 சதவீதமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. தினசரி மாற்றங்களைப் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்தி, முதல் பத்து வரிகளுக்கும் அன்று என்ன நடந்தது என்று செய்தியைத் தேடிப் பார்த்தால் போதும்.

அடுத்தது, ஊழியர்கள் ஆப்ஷனை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள் என்ற எண். வழங்கிய ஆவணப்படி ஏழு ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். ஆனால் மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. வீடு கட்டுவார்கள், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவார்கள், வேறு வேலைக்குப் போவார்கள். போனால் வெஸ்டான ஆப்ஷனைச் சில மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று பல திட்டங்களில் நிபந்தனை உண்டு. எனவே முழு ஏழு ஆண்டைப் போடுவது தவறு. நம் நிறுவனம் இரண்டரை ஆண்டு என்கிறது. ஆதாரமாக 2019-இல் வழங்கிய ஆப்ஷன்களின் பட்டியலைக் கொடுக்கிறது. இதுவரை பயன்படுத்தியவர்கள் சராசரியாக இரண்டரை ஆண்டில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரிதான்.

'இதுவரை பயன்படுத்தியவர்கள்' என்ற இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. 2019 ஆப்ஷன்கள் 2021-இல் வெஸ்டானவை. அவசரக்காரர்கள் மட்டும்தான் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பொறுமையாக வைத்திருப்பவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் நான்கு ஆண்டு ஏற்கெனவே ஓடிவிட்டது, ஆனால் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. தணிக்கையாளர் முழுமையாக முடிந்துபோன பழைய வழங்கல் ஒன்றைக் கேட்கிறார். 2015-இல் வழங்கியது, 2022-இல் காலம் முடிந்தது. அதில் யாரும் பாக்கியில்லை. 3 லட்சம் ஆப்ஷன்களில் 90,000 இரண்டரை ஆண்டிலும், 1,20,000 நான்கு ஆண்டிலும், 90,000 ஐந்தரை ஆண்டிலும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. சராசரி நான்கு ஆண்டு. பதிவேட்டில் இருப்பதை அப்படியே நம்பாமல், சிலரை எடுத்து, அவர்கள் பணம் கட்டிய வங்கி வரவோடும் பங்கு ஒதுக்கிய ஆவணத்தோடும் தேதியைச் சரிபார்த்துக்கொள்கிறார்.

வட்டி விகிதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. ஆப்ஷனின் எதிர்பார்ப்புக் காலத்துக்கு ஈடான அரசுப் பத்திர வட்டியை வழங்கிய நாளன்று எடுத்தார்களா என்று பார்த்தால் போதும். எஃப்பிஐஎல் அமைப்பு தினமும் வெளியிடும் எண்கள் இருக்கின்றன. நம் நிறுவனம் எடுத்தது 7 சதவீதம், 2023 ஏப்ரலுக்குப் பொருத்தமானது. அதை 6 என்று வைத்தாலும் மதிப்பு ஆறு ரூபாய்தான் மாறும். எது மதிப்பை அசைக்கிறதோ அதில் நேரத்தைச் செலவிடுவதுதான் தணிக்கை.

இப்போது எண்களை இட்டுப் பார்ப்போம். நிறுவனம் சொன்னபடி 30 சதவீத ஏற்ற இறக்கம், இரண்டரை ஆண்டு: 106 ரூபாய். மதிப்பீட்டாளர் கணக்கில் தவறே இல்லை, அவர் கொடுத்த எண்களுக்கு அதுதான் விடை. காலத்தை மட்டும் நான்காக்கினால் 140. ஏற்ற இறக்கத்தையும் 40 ஆக்கினால் 164. ஐந்து லட்சம் ஆப்ஷனுக்கு 5.3 கோடியா, 8.2 கோடியா என்பது இந்த இரண்டு எண்களில்தான் நிற்கிறது.

இங்கே மதிப்பீட்டாளரைப் பற்றி ஒரு வார்த்தை. "வெளியாள் கொடுத்த ரிப்போர்ட் சார், இதுக்கு மேல என்ன?" என்று கேட்கும் நிறுவனங்கள் பல. ஆனால் பெரும்பாலான அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில், எதிர்பார்ப்புக் காலத்தையும் ஊழியர் விலகும் விகிதத்தையும் நிர்வாகமே கொடுத்தது, தாங்கள் அவற்றைச் சரிபார்க்கவில்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் அந்த எண்ணுக்கு யாரும் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். இந்தியத் தணிக்கை விதி எஸ்ஏ 500, நிர்வாகத்தின் நிபுணரை நம்புமுன் அவர் தகுதியையும் சார்பின்மையையும் அவர் வேலையையும் சோதிக்கச் சொல்கிறது. எஸ்ஏ 540, மதிப்பீடுகளில் நிர்வாகத்தின் சாய்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. தேவைப்பட்டால் தணிக்கையாளர் தன் பக்கத்துக்கும் ஒரு நிபுணரை வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பு தெரிந்த பிறகும் ஓர் எண் பாக்கி: எத்தனை பேர் வெஸ்டிங் வரை நீடிப்பார்கள்? விலகியவரின் ஆப்ஷன் ரத்தாகிவிடும், அதற்குச் செலவு எழுத வேண்டியதில்லை. நிறுவனம் ஆண்டுக்கு 20 சதவீதம் பேர் விலகுவார்கள் என்கிறது. இரண்டு ஆண்டில் 64 சதவீதம் மிஞ்சும். மனிதவளத் துறையின் விலகல் அறிக்கையும் 20 என்றுதான் சொல்கிறது. ஆனால் அது புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் உட்பட மொத்த ஊழியர்களின் விகிதம். ஆப்ஷன் வாங்கியவர்கள் மேல்நிலை ஊழியர்கள். முந்தைய வழங்கல்களில் பெயர் இருந்தவர்களை மட்டும் எடுத்து, அவர்களின் இறுதிக் கணக்குத் தீர்வு நாட்களோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 10 சதவீதம்தான் விலகியிருக்கிறார்கள். அப்படியானால் 81 சதவீதம் மிஞ்சும், அதாவது 4,05,000 ஆப்ஷன்கள்.

முதல் ஆண்டுச் செலவு, நிறுவனத்தின் கணக்கில்: 3,20,000 ஆப்ஷன், 106 ரூபாய், இரண்டு ஆண்டில் பாதி. 1.70 கோடி. தணிக்கையாளரின் கணக்கில்: 4,05,000 ஆப்ஷன், 164 ரூபாய், அதில் பாதி. 3.32 கோடி. வித்தியாசம் 1.62 கோடி. 30 கோடி லாபத்தில் 5 சதவீதத்தைப் பொருட்படுத்த வேண்டிய அளவாகப் பலர் எடுப்பார்கள், அது 1.5 கோடி. தாண்டிவிட்டது.

மூன்று எண்களையும் தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்திடம் ஒரு பதில் இருந்தது. கோவிட் காலம் அசாதாரணம். பட்டியலில் சராசரி இரண்டரைதான். மனிதவள அறிக்கையில் இருபதுதான். ஒவ்வொரு பதிலும் காதுக்கு நியாயமாகவே படும். ஆனால் மூன்றும் செலவைக் குறைக்கும் ஒரே திசையில் சாய்கின்றன. உண்மையிலேயே தெரியாமல் ஊகிப்பவரின் எண்கள் இப்படி ஒரே பக்கம் விழுவதில்லை. ஒன்று இப்படிப் போனால் இன்னொன்று அப்படிப் போகும். எனவே நல்ல தணிக்கையாளர் ஒவ்வொரு எண்ணும் ஏற்கத்தக்கதா என்று கேட்பதோடு நிற்காமல், எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது செலவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று குறிப்பார். தாள் முழுக்கக் 'குறைக்கிறது' என்றே வந்தால் பேச்சு நிதி மேலாளரோடு முடியாது, தணிக்கைக் குழுவுக்குப் போகும். போன ஆண்டும் இதே எண்களைத்தான் வைத்தீர்களா, மாற்றியிருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்வியும் கூடவே போகும்.

இந்த மூன்று பிழைகளில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. விலகல் விகிதத்தில் பிழை இருந்தால் காலமே திருத்திவிடும். நம் நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டு முடிவில் உண்மையில் 3,60,000 ஆப்ஷன்கள்தான் வெஸ்டாயின என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு அதற்கு 164 ரூபாய் வீதம் 5.90 கோடி, முதல் ஆண்டு எழுதிய 3.32 கோடி போக மீதி 2.58 கோடியை இரண்டாம் ஆண்டு எழுதினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் 164 ரூபாய் என்ற மதிப்பு அப்படியல்ல. வழங்கிய நாளில் குறித்ததுதான். பங்கு விலை பின்னால் ஆயிரம் ஆனாலும் நூறு ஆனாலும் அதைத் தொடக்கூடாது. பங்கு 400-க்குக் கீழே விழுந்து ஒருவர்கூட ஆப்ஷனைப் பயன்படுத்தாமல் போனாலும், வெஸ்டான ஆப்ஷனுக்கு எழுதிய செலவைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே முதல் ஆண்டில் 106 என்று நுழைந்துவிட்டால் அந்தப் பிழையை வெளியே இழுத்துப் போடும் கை எதுவும் இல்லை. ஆப்ஷன் வழங்கிய ஆண்டின் தணிக்கைதான் அதற்கான ஒரே வாய்ப்பு. அடுத்த ஆண்டு வரும் புதிய தணிக்கையாளர் அந்த எண்ணைப் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடும் அபாயம் உண்டு.

தவணை தவணையாக வெஸ்டாகும் ஆப்ஷன்களில் இன்னொரு பிழையை அடிக்கடி பார்க்கலாம். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டில் வெஸ்டாகும் திட்டம் என்றால், ஆண்டுக்கு 33 சதவீதம் என்று சமமாகப் பிரித்து எழுதிவிடுகிறார்கள். இண்ட் ஏஎஸ் 102 ஒவ்வொரு தவணையையும் தனி ஆப்ஷனாகப் பார்க்கிறது. முதல் தவணையை முதல் ஆண்டிலேயே முழுவதும் சம்பாதித்துவிடுகிறார். இரண்டாம் தவணையில் பாதியும் மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கும்கூட அந்த ஆண்டிலேயே சேர்கின்றன. மூன்று தவணையின் மதிப்பும் ஒன்றே என்று வைத்தால், முதல் ஆண்டில் 61 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 28, மூன்றாம் ஆண்டில் 11. உண்மையில் ஒவ்வொரு தவணையின் எதிர்பார்ப்புக் காலமும் வேறாக இருப்பதால் மதிப்பும் சற்று வேறுபடும். அமெரிக்க விதியில் இத்தகைய திட்டங்களைச் சமமாகப் பிரிக்க அனுமதி உண்டு. அமெரிக்கத் தாய் நிறுவனத்திலிருந்து வந்த எக்செல் ஏட்டை இங்கே அப்படியே பயன்படுத்துவதால் நேரும் பிழை இது.

பட்டியலாகாத ஸ்டார்ட்-அப்களில் இவ்வளவும் போக, முதல் எண்ணே கேள்விக்குரியது. 400 ரூபாய் என்று சந்தையில் பார்க்க முடியாது. அங்கே ஒரே நிறுவனத்தின் பங்குக்கு ஒரே ஆண்டில் மூன்று விலைகள் கிடைக்கும். முதலீட்டாளர் முன்னுரிமைப் பங்குக்குக் கொடுத்த விலை ஒன்று. ஊழியரின் வரிக்காக மெர்ச்சன்ட் பேங்கர் சான்றளித்த விலை ஒன்று. ஈசாப் கணக்குக்கு என்று போட்ட விலை இன்னொன்று. முதலாவது உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. நிறுவனத்தை மூட நேர்ந்தால் முதலில் பணம் பெறும் உரிமை போன்றவை அந்தப் பங்குக்கு உண்டு, ஊழியருக்கு வரும் சாதாரணப் பங்குக்கு இல்லை. ஆனால் மற்ற இரண்டும் அதே சாதாரணப் பங்கின் விலைகள். அருகருகே உள்ள நாட்களில் வரிக்கு 900, கணக்குக்கு 500 என்றிருந்தால், இடையில் என்ன மாறியது என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும். ஏற்ற இறக்கத்துக்கும் சொந்த வரலாறு இல்லாததால் பட்டியலான ஒத்த நிறுவனங்களை எடுப்பார்கள். நட்டத்தில் ஓடும் ஐந்து வயதுக் குழந்தை நிறுவனத்துக்குப் பெரிய, பழைய, அமைதியான ஐ.டி. நிறுவனங்களை ஒப்பாக எடுத்திருந்தால், அந்தப் பட்டியலை யார் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதுதான்.

துல்லியமான ஒற்றை விடை இதில் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நிறுவனத்தில் ஏற்ற இறக்கம் 36-க்கும் 44-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு மதிப்பு 155 முதல் 174 வரை போகும். நிறுவனம் 158 என்று எழுதியிருந்தால் தணிக்கையாளர் தன் 164-ஐத் திணிக்க வேண்டியதில்லை. 106 அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது, அதனால்தான் திருத்தச் சொல்கிறார். சூத்திரத்துக்கும் வரம்பு உண்டு. பிளாக்-ஷோல்ஸ் கடைசி நாளில் மட்டும் பயன்படுத்தும் ஆப்ஷனுக்காக எழுதப்பட்டது; இடையில் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தும் ஊழியர் ஆப்ஷனை எதிர்பார்ப்புக் காலம் என்ற எண்ணைக் கொண்டு ஒப்பேற்றுகிறோம். பங்கு விலை 800-ஐத் தொட்டால்தான் வெஸ்டாகும் என்பது போன்ற நிபந்தனை இருந்தால் இந்தச் சூத்திரம் போதாது, விலையின் பல்லாயிரம் பாதைகளை உருவாக்கிப் பார்க்கும் மான்டி கார்லோ முறை வேண்டும்.

பங்கு வைத்திருக்கும் சாதாரண முதலீட்டாளருக்கும் இதில் பார்க்க முடிந்தது நிறைய உண்டு. ஆண்டறிக்கையின் பிற்பகுதியில், கணக்குக் குறிப்புகளில், பங்கு அடிப்படையிலான ஊதியம் பற்றி ஒரு குறிப்பு இருக்கும். எந்தச் சூத்திரம், என்ன ஏற்ற இறக்கம், எத்தனை ஆண்டு, என்ன வட்டி, ஏற்ற இறக்கத்தை எந்தக் காலத் தரவிலிருந்து எடுத்தார்கள் என்று அந்த ஆண்டு வழங்கிய ஆப்ஷன்களுக்கு எழுதியாக வேண்டும் என்று இண்ட் ஏஎஸ் 102 கட்டாயப்படுத்துகிறது. அந்தப் பக்கத்தைப் போன ஆண்டின் அதே பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். எதிர்பார்ப்புக் காலம் வெஸ்டிங் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் அது நடக்கவே முடியாதது. ஏற்ற இறக்கம் 42-இலிருந்து 28-க்கு இறங்கியிருந்து, பக்கத்தில் காரணம் எழுதாமல் விட்டிருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு அது நல்ல கேள்வி. தணிக்கையாளரும் பொதுவாக அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டியவர்தான்.